அந்தி விளக்கில் இரைச்சல்: ஒரு கெப்பாசிட்டரும் ஒரு ரெசிஸ்டரும்

அந்தி மயங்கியதும் தானே எரியும் முற்றத்து விளக்கு ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஒளியைப் பார்க்க ஓர் எல்.டி.ஆர், முடிவெடுக்க எல்.எம்.393 கம்பேரேட்டர், விளக்கை இணைக்க ஒரு ரிலே. மேசை மேல் வைத்து, எல்.டி.ஆரைக் கையால் மூடித் திறந்து பார்த்தால் பிசகில்லாமல் வேலை செய்யும். கூரையில் மாட்டிய முதல் நாள் மாலையிலேயே ரிலே கடகடவென்று அடிக்கும். விளக்கு இரண்டு நிமிடம் துடித்துவிட்டுத்தான் நிலையாக எரியும். இதற்கு இரண்டு மருந்துகள் புழக்கத்தில் உண்டு. சென்சார் கம்பியில் ஒரு கெப்பாசிட்டரைப் போட்டு இரைச்சலை வடிகட்டுவது ஒன்று. கம்பேரேட்டரின் வெளியீட்டிலிருந்து உள்ளீட்டுக்கு ஒரு ரெசிஸ்டரைத் திருப்பி ஹிஸ்டெரிசிஸ் கொடுப்பது மற்றொன்று. இரண்டும் ஒரே வேலையைச் செய்கின்றன என்றும், கையில் எது கிடைக்கிறதோ அதைப் போடலாம் என்றும் பலர் நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் அப்படி இல்லை.

முதலில் சுற்று. மின்வழங்கல் 5 வோல்ட். எல்.டி.ஆரின் ஒரு முனை 5 வோல்ட்டில், மறுமுனை ஒரு 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் வழியாகத் தரையில். இரண்டும் சந்திக்கும் புள்ளி எல்.எம்.393-இன் 2-ஆம் காலுக்கு, அதாவது மைனஸ் உள்ளீட்டுக்குப் போகிறது. வெளிச்சம் குறைந்தால் எல்.டி.ஆரின் தடை ஏறும், அந்தப் புள்ளியின் மின்னழுத்தம் இறங்கும். 3-ஆம் காலான ப்ளஸ் உள்ளீட்டில் ஒப்பிட வேண்டிய அளவைக் கொடுக்கிறோம்: மேலே 15 கிலோ ஓம், கீழே 10 கிலோ ஓம், நடுவில் சரியாக 2 வோல்ட். 1-ஆம் கால் வெளியீடு. எல்.எம்.393-க்குத் தன் வெளியீட்டைத் தரைக்கு இழுக்கத்தான் தெரியும், மேலே தூக்கத் தெரியாது. அதனால் அங்கிருந்து 5 வோல்ட்டுக்கு 4.7 கிலோ ஓம் புல்-அப் ரெசிஸ்டர் ஒன்று வேண்டும். சென்சார் 2 வோல்ட்டுக்குக் கீழே போனால் வெளியீடு உயரும், விளக்கு எரியும்.

எல்.டி.ஆரின் கம்பி 230 வோல்ட் வயருடன் சில மீட்டர் ஒட்டி ஓடுகிறது என்று கொள்வோம். 2-ஆம் காலில் ஆஸிலோஸ்கோப்பை வைத்தால் 50 ஹெர்ட்ஸ் அலை ஒன்று தெரியும். அதன் உச்சிக்கும் அடிக்கும் இடையே 120 மில்லிவோல்ட் என்று வைப்போம். ஸ்கோப் இல்லாதவர்கள் மல்டிமீட்டரை ஏ.சி. வோல்ட்டில் வைத்து, வரும் எண்ணை 2.8 ஆல் பெருக்கிக்கொள்ளலாம். இந்த அலைக்கு மீட்டர் ஏறக்குறைய 42 மில்லிவோல்ட் காட்டும்.

சிக்கலின் வேர் இரைச்சலில் மட்டும் இல்லை, அந்தியின் மெதுவான நடையிலும் இருக்கிறது. நம் கணக்குக்கு, பொழுது சாயும்போது சென்சார் மின்னழுத்தம் 20 நிமிடத்தில் 1 வோல்ட் இறங்குகிறது என்று எடுத்துக்கொள்ளலாம். அது வினாடிக்கு 0.83 மில்லிவோல்ட். 120 மில்லிவோல்ட் அகலமுள்ள இரைச்சல் பட்டை 2 வோல்ட் கோட்டை முழுதாகக் கடக்க 144 வினாடி பிடிக்கும். அந்த நேரம் முழுவதும் ஒவ்வொரு 50 ஹெர்ட்ஸ் சுற்றும் கோட்டை ஒருமுறை கீழாகவும் ஒருமுறை மேலாகவும் தாண்டும். ஏழாயிரம் துடிப்புகளுக்கு மேல். ரிலேயால் அத்தனையையும் பின்தொடர முடியாது. ஆனால் பின்தொடர முயலும், அதில் அதன் தொடுமுனைகள் பொறி பறந்து கருகும்.

இப்போது கெப்பாசிட்டர். எல்.டி.ஆரும் 10 கிலோ ஓமும் சந்திக்கும் புள்ளியிலிருந்து தரைக்கு 10 மைக்ரோஃபாரட் போடுவோம். 2 வோல்ட் அருகே எல்.டி.ஆரின் தடை 15 கிலோ ஓம். அது 10 கிலோவுடன் இணையாகச் சேர்ந்து 6 கிலோ ஓம் ஆகிறது. 6 கிலோவை 10 மைக்ரோவால் பெருக்கினால் நேர மாறிலி 60 மில்லிவினாடி. 50 ஹெர்ட்ஸ் அலை இதைத் தாண்டும்போது ஏறக்குறைய 19-இல் ஒரு பங்காகச் சுருங்கும். 120 மில்லிவோல்ட் இருந்த இடத்தில் 6.4 மில்லிவோல்ட். ஸ்கோப்பில் பார்த்தால் கோடு அழகாக நேராகிவிட்டது போலவே இருக்கும். வேலை முடிந்தது என்று பெட்டியை மூடத் தோன்றும்.

மூடக் கூடாது. 6.4 மில்லிவோல்ட் பட்டை, வினாடிக்கு 0.83 மில்லிவோல்ட் வேகத்தில் கோட்டைக் கடக்க இன்னும் ஏழெட்டு வினாடி வேண்டும். அதற்குள் சுமார் 380 துடிப்புகள். 144 வினாடிக் கடகடப்பு 8 வினாடிக் கடகடப்பாகக் குறைந்தது, அவ்வளவுதான். சரி, இன்னும் பெரிய கெப்பாசிட்டர் போட்டால்? எவ்வளவு பெரியது என்றும் கணக்கிடலாம். கோட்டை ஒரே ஒரு முறை கடக்க வேண்டுமானால், மிச்சமிருக்கும் அலை எந்தக் கணத்திலும் அந்தியைவிட வேகமாக ஏறக் கூடாது. உச்சிக்கு உச்சி 6.4 மில்லிவோல்ட் உள்ள 50 ஹெர்ட்ஸ் அலையின் உச்ச வேகம் வினாடிக்கு 1 வோல்ட். அந்தியோ வினாடிக்கு 0.83 மில்லிவோல்ட். இன்னும் 1,200 மடங்கு வடிகட்ட வேண்டும். அதாவது 12,000 மைக்ரோஃபாரட். அவ்வளவு பெரிய மின்பகு கெப்பாசிட்டரின் கசிவு மின்னோட்டமே அளவை நகர்த்திவிடக்கூடும். நேர மாறிலியும் ஒரு நிமிடத்துக்கு மேல் போய்விடும். இந்த வழியில் போகலாம், ஆனால் போய்ச் சேர முடியாது.

இன்னொன்றும் உண்டு, இதைப் பலரும் கவனிப்பதில்லை. இரைச்சலே இல்லாத ஓர் உலகத்திலும் வெறும் கம்பேரேட்டர் இங்கே தடுமாறும். எல்.எம்.393-இன் பெருக்கம் வழக்கமாக இரண்டு லட்சம். வெளியீடு 0-இலிருந்து 5 வோல்ட் போக உள்ளீட்டில் 25 மைக்ரோவோல்ட் மாறினால் போதும். அந்தி அந்த 25 மைக்ரோவோல்ட்டை நடந்து கடக்க 30 மில்லிவினாடி எடுத்துக்கொள்கிறது. ஒரு மைக்ரோவினாடி அளவில் பதில் சொல்லும் சில்லுக்கு அது ஒரு யுகம். அவ்வளவு நேரமும் அது கம்பேரேட்டராக இல்லாமல் உயர் பெருக்கமுள்ள ஓர் ஆம்ப்ளிஃபயராக நிற்கிறது. வெளியீட்டுக் கம்பிக்கும் உள்ளீட்டுக் கம்பிக்கும் இடையே உள்ள சிறு கொள்ளளவு போதும், தானே அலைபாயத் தொடங்கிவிடும். முன்னால் எந்த ஃபில்டரை வைத்தாலும் இதைத் தடுக்க முடியாது, ஏனென்றால் இந்த இரைச்சல் பிறப்பதே ஃபில்டருக்குப் பின்னால்தான்.

ஹிஸ்டெரிசிஸ் இரைச்சலைத் தொடுவதே இல்லை. அது கோட்டை நகர்த்துகிறது. 1-ஆம் காலிலிருந்து 3-ஆம் காலுக்கு 100 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைப் போடுவோம். வெளியீடு தாழ்ந்திருக்கும்போது அது 3-ஆம் காலைக் கொஞ்சம் கீழே இழுக்கும், உயர்ந்திருக்கும்போது கொஞ்சம் மேலே தூக்கும். ஒரு கோடு இருந்த இடத்தில் இப்போது இரண்டு. பகலில் செயலில் இருப்பது கீழ்வரம்பு. சென்சார் அதைத் தொட்ட கணமே வெளியீடு புரளும், கோடு மேல்வரம்புக்குத் தாவும். தன்னைத் தொட்ட அலைக்கு எட்டாத தூரத்தில் போய் நின்றுகொள்ளும். செயின்ட் லூயிஸில் மாணவராக இருந்த ஓட்டோ ஷ்மிட் 1930-களில் வெற்றிடக் குழாய்களை வைத்துச் செய்ததும் இதைத்தான். கணவாய் மீனின் நரம்பில் துடிப்பு செல்லும் விதத்தைப் படித்துக்கொண்டிருந்தவர் அவர். அரைகுறையாகத் துடிக்காத ஒரு சுற்று அவருக்கு அங்கிருந்து கிடைத்தது.

வரம்புகளைக் கணக்கிட, பாடநூல்களில் வரும் நீண்ட சமன்பாட்டை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. 15 கிலோவும் 10 கிலோவும் சேர்ந்த பகுப்பானைத் தெவனின் முறைப்படி ஒரே ஒரு மின்னழுத்தமாகவும் ஒரே ஒரு தடையாகவும் சுருக்கிவிடுங்கள். மின்னழுத்தம் `VT` = 2 வோல்ட். தடை `RT` என்பது 15-உம் 10-உம் இணையாக, 6 கிலோ ஓம். பின்னூட்ட ரெசிஸ்டர் `RF` = 100 கிலோ, புல்-அப் `RP` = 4.7 கிலோ. வெளியீடு தாழ்ந்திருக்கும்போது `RF`-இன் மறுமுனை தரையில் இருக்கிறது. உயர்ந்திருக்கும்போது அது `RP` வழியாக 5 வோல்ட்டில் இருக்கிறது. ஆகவே:

```
VL = VT * RF / (RF + RT)
   = 2 * 100 / 106            = 1.887 V

VH = VT + (5 - VT) * RT / (RT + RF + RP)
   = 2 + 3 * 6 / 110.7        = 2.163 V

VH - VL                       = 0.276 V
```

வெளியீடு தாழும்போது சரியாக 0 வோல்ட்டுக்கு வருவதில்லை, சில நூறு மில்லிவோல்ட்டுக்குள் எங்காவது நிற்கும். அதனால் கீழ்வரம்பு 10 மில்லிவோல்ட் போல உயரலாம், அதை விட்டுவிடலாம். கவனிக்க வேண்டியது வேறு: இரண்டு வரம்புகளும் 2 வோல்ட்டிலிருந்து சம தூரத்தில் இல்லை. கீழே 113 மில்லிவோல்ட், மேலே 163. வெளியீடு 2 வோல்ட்டிலிருந்து கீழே 2 வோல்ட்தான் போக முடியும், மேலே 3 வோல்ட் போக முடியும் என்பதே காரணம். சமமாக வேண்டுமென்றால் பகுப்பானைப் பாதி மின்வழங்கல் அருகே வைக்க வேண்டும். ஆனால் எல்.எம்.393-இன் உள்ளீடுகள் மின்வழங்கலுக்கு 1.5 வோல்ட் கீழே வரைதான் நம்பகமாகப் படிக்கும் என்பதால், 5 வோல்ட் சுற்றில் கோட்டை மேலே கொண்டுபோவதற்கு ஓர் எல்லை உண்டு.

இந்த அகலம் போதுமா? இரைச்சலின் அடி 1.887-ஐத் தொடும்போது அலையின் நடுக்கோடு 1.947-இல் இருக்கும், அதன் உச்சி 2.007. கோடு அதற்குள் 2.163-க்குப் போய்விட்டது. இடையே 156 மில்லிவோல்ட் மிச்சம். வெளியீடு ஒரே ஒரு முறை புரண்டுவிட்டு அமைதியாகிவிடும். கெப்பாசிட்டரால் 380 துடிப்புக்குக் கீழே கொண்டுவர முடியாததை ஒரு ரெசிஸ்டர் ஒன்றாக்கிவிட்டது. புரளும் அந்தக் கணத்திலும் வெளியீட்டின் அசைவு 3-ஆம் காலை அதே திசையில் தள்ளுவதால், ஆம்ப்ளிஃபயராகத் தயங்கி நிற்கும் அந்த 30 மில்லிவினாடியும் மறைந்துபோகிறது.

தாளில் போட்ட 0.276 வோல்ட் பலகையில் அப்படியே கிடைக்கும் என்று நம்பிவிடக் கூடாது. நான் அடிக்கடி பார்க்கும் கோளாறு வெளியீட்டுப் பக்கத்தில் இருக்கிறது. ரிலேயை ஓட்ட ஒரு டிரான்சிஸ்டர் போட்டு, அதன் பேஸுக்கு 1-ஆம் காலிலிருந்து 10 கிலோ ஓம் கொடுத்திருப்பார்கள். இப்போது வெளியீடு உயரும்போது 5 வோல்ட்டுக்குப் போகாது. புல்-அப் வழியாக வரும் மின்னோட்டம் பேஸுக்குள் ஓட, 3.6 வோல்ட் அளவிலேயே நின்றுவிடும். மேல்வரம்பு 2.163-இலிருந்து 2.09-க்கு இறங்கும், அகலம் 0.2 வோல்ட்டாகச் சுருங்கும். கண்டுபிடிப்பது எளிது: விளக்கு எரியும்போது 1-ஆம் காலை மல்டிமீட்டரில் அளந்தால் போதும். 5 வோல்ட்டுக்கு அருகில் இல்லையென்றால் யாரோ அதைக் கீழே இழுக்கிறார்கள். 2என்7000 போன்ற சிறு மாஸ்ஃபெட்டைப் போட்டால் கேட் மின்னோட்டம் எடுக்காது, தொல்லை தீர்ந்தது.

கடையில் வாங்கும் சிறிய சென்சார் பலகைகளில் இன்னொரு வகைச் சிக்கல். அவற்றில் பெரும்பாலும் பின்னூட்ட ரெசிஸ்டரே இருப்பதில்லை. ஓர் எல்.எம்.393, அளவைத் திருக 10 கிலோ ட்ரிம்பாட், 10 கிலோ புல்-அப், அவ்வளவே. எந்தக் கால் எதற்குப் போகிறது என்று பார்த்து, ட்ரிம்பாட்டின் நடுமுனை ப்ளஸ் உள்ளீட்டில்தான் இருக்கிறது என்றால், அதற்கும் வெளியீட்டுக்கும் நடுவே 100 கிலோவை நாமே பற்றவைக்கலாம். ஆனால் 10 கிலோ ட்ரிம்பாட்டை 2 வோல்ட்டுக்குத் திருகினால் அதன் `RT` 2.4 கிலோதான். மேலே உள்ள கணக்கை மறுபடி ஓட்டினால் 1.953-உம் 2.064-உம் வரும். அகலம் 111 மில்லிவோல்ட். நம் இரைச்சலோ 120. ரெசிஸ்டர் போட்டும் கடகடக்கிறதே என்று தலையைச் சொறிபவர்கள் பெரும்பாலும் இங்கேதான் மாட்டியிருப்பார்கள். அகலத்தைத் தீர்மானிப்பது `RF` மட்டும் இல்லை, `RT`-க்கும் `RF`-க்கும் உள்ள விகிதம். ட்ரிம்பாட்டைத் திருகும்போதெல்லாம் `RT` மாறும், கூடவே அகலமும் மாறும்.

அந்தி விளக்குக்கே உரிய ஒரு வம்பும் இருக்கிறது. விளக்கு எரிந்ததும் அதன் வெளிச்சம் எல்.டி.ஆர் மேலேயே விழுகிறது. அது சென்சாரை 0.4 வோல்ட் உயர்த்துகிறது என்று வையுங்கள். 1.887-இல் விளக்கு எரிகிறது, சென்சார் 2.287-க்குத் தாவுகிறது, அது மேல்வரம்பைத் தாண்டியது, விளக்கு அணைகிறது, மறுபடி இருட்டு, மறுபடி எரிகிறது. ஃபில்டர் இங்கே முழுத் தோல்வி. இது இரைச்சலே இல்லை, உண்மையான வெளிச்சம். வடிகட்டினால் சிமிட்டல் மெதுவாகும், நிற்காது. `RF`-ஐ 47 கிலோவாகக் குறைத்தால் கீழ்வரம்பு 1.774, மேல்வரம்பு 2.312 ஆகும். 1.774-உடன் 0.4 சேர்ந்தால் 2.174. அதன் மேல் நடுக்கோட்டு நகர்வும் இரைச்சலின் மேற்பாதியுமாக 120 மில்லிவோல்ட் ஏறினால் 2.294. மேல்வரம்புக்கு 18 மில்லிவோல்ட் இடைவெளி. தப்பிவிட்டது, ஆனால் நூலிழையில். எல்.டி.ஆருக்கு விளக்கு தெரியாதபடி ஒரு சிறு குழாயை மாட்டுவதுதான் இதற்கு நேரான வைத்தியம் என்பது என் எண்ணம். ரெசிஸ்டரை அதற்குப் பின்னால் காவலுக்கு வைத்துக்கொள்ளலாம்.

இதுவரை படித்தவர்கள் கெப்பாசிட்டரைத் தூக்கி எறிந்திருக்கக் கூடும். கொஞ்சம் பொறுங்கள். பக்கத்தில் ஒரு மோட்டார் அணையும்போது கம்பியில் 1 வோல்ட் உயரமும் 1 மில்லிவினாடி அகலமும் உள்ள ஒரு முள் ஏறுகிறது. கம்பேரேட்டருக்கு அது தாராளமான நேரம். சென்சார் வரம்புக்கு அருகில் இருந்தால் 0.276 வோல்ட் ஹிஸ்டெரிசிஸ் இதைத் தடுக்காது. இன்னும் மோசம், முள் போன பிறகும் புரண்ட நிலை புரண்டபடியே நிற்கும், ஏனென்றால் கோடு அதற்குள் மறுபக்கம் போய்விட்டது. வெறும் கம்பேரேட்டராவது முள் கடந்ததும் திரும்பி வந்திருக்கும். 60 மில்லிவினாடி ஃபில்டர் இருந்தால் அதே முள் 17 மில்லிவோல்ட்டுக்கும் குறைவான சிறு மேடாகிவிடும். உயரமாகவும் குறுகலாகவும் வருவதை நேரத்தால்தான் மடக்க முடியும், மெதுவாகக் கோட்டைத் தாண்டுவதை அகலத்தால்தான் மடக்க முடியும். நள்ளிரவில் மூன்று வினாடி விழும் கார் வெளிச்சத்துக்கு இந்த 60 மில்லிவினாடியும் போதாது. அதற்குப் பல வினாடித் தாமதம் வேண்டும், அது தனிக் கதை.

கெப்பாசிட்டரைப் போடுகிறவர்கள் அதை 2-ஆம் காலில், சென்சார் பக்கம் போட வேண்டும். ‘எல்லாக் கம்பியையும் சுத்தமாக்குவோம்’ என்று 3-ஆம் காலிலும் ஒன்றை வைப்பவர்கள் உண்டு. அது ஹிஸ்டெரிசிஸின் காலைக் கட்டிவிடும். வெளியீடு புரண்டாலும் கோடு உடனே தாவ முடியாது, கெப்பாசிட்டர் நிரம்பும்வரை மெல்ல ஊரும், அதற்குள் இரைச்சல் மறுபடி கோட்டைக் கடந்துவிடும். ஸ்கோப்பில் ஒவ்வொரு புரளலின் தொடக்கத்திலும் மெல்லிய கீற்றுகளின் கொத்து ஒன்று தெரிந்தால் இதைச் சந்தேகிக்கலாம்.

ஹிஸ்டெரிசிஸின் விலையும் நேரத்தில்தான் வசூலாகிறது, ஆனால் வேறு கணக்கில். 0.276 வோல்ட் அகலத்தை வினாடிக்கு 0.83 மில்லிவோல்ட்டால் வகுத்தால் 330 வினாடி. மாலையில் எந்த வெளிச்சத்தில் எரிந்ததோ அதே வெளிச்சம் காலையில் வந்த பிறகும் ஐந்தரை நிமிடம் கழித்தே விளக்கு அணையும். 47 கிலோவுடன் அது ஏறக்குறைய 11 நிமிடம். முற்றத்து விளக்குக்கு இது பொருட்டில்லை. நேரத்தைத் துல்லியமாகப் பார்க்க வேண்டிய வேறு வேலைகளில் பொருட்டாகும், அங்கேதான் கெப்பாசிட்டர் தன் கடனைத் தீர்க்கிறது. ஃபில்டர் முன்னால் நின்று 120 மில்லிவோல்ட்டை 6.4 ஆக்கிக் கொடுத்தால், பின்னால் 0.276 வோல்ட் அகலம் எதற்கு? எல்.டி.ஆருக்குக் குழாயும் மாட்டியாயிற்று என்றால் `RF`-ஐ 1 மெகா ஓமாக உயர்த்தலாம். வரம்புகள் 1.988, 2.018. அகலம் 30 மில்லிவோல்ட், மிச்ச இரைச்சலைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு. ஐந்தரை நிமிடம் 36 வினாடியாகிறது.

பலகையைக் கூரைக்கு ஏற்றுமுன் வரம்புகளை அளந்துவிடலாம். எல்.டி.ஆரைக் கழற்றி அந்த இடத்தில் 50 கிலோ ட்ரிம்பாட் ஒன்றை வைத்து மெல்லத் திருகுங்கள், மீட்டர் 3-ஆம் காலில் இருக்கட்டும். விளக்கு அணைந்திருக்கும்போது அங்கே தெரியும் எண்தான் கீழ்வரம்பு, எரியும்போது தெரிவதுதான் மேல்வரம்பு. 5 சதவீத ரெசிஸ்டர்களைப் போட்டிருந்தால் இரண்டும் சேர்ந்தே 0.1 வோல்ட்டுக்கு மேல் தள்ளி நிற்கக் கூடும், அதில் வியப்பில்லை. பகுப்பானின் இரண்டு ரெசிஸ்டர்களையும் 1 சதவீதத்துக்கு மாற்றினால் அது சரியாகும். இரண்டுக்கும் இடையேயான வித்தியாசம் கணக்கிலிருந்து 30 மில்லிவோல்ட்டுக்கு மேல் விலகினால், ரெசிஸ்டர்களைக் குறை சொல்லாமல் 1-ஆம் காலை அளந்து பாருங்கள்.